அமாவாசைக்கு முன்னால் அழித்தது

“காளியண்ணன் நம்பரைக் கொடுங்க.”

நவநீதகிருஷ்ணன் சார் கணினித் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் ஒரே ஒரு விதிதான் சொன்னார். வாடிக்கையாளர் நம்பரை யாரும் கேட்கக் கூடாது. நம்பர் கைக்குப் போனால் நாளைக்கே தனியாகக் கடை போட்டுவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். அதனால் எல்லா நம்பரும் அவர் சட்டைப்பையில் இருக்கும் போனில் மட்டும்தான்.

“என்ன கேட்ட?”

“எருமப்பட்டி காளியண்ணன் நம்பர். இப்பவே வேணும். இல்லைன்னா நாளைக்கு மதியத்துக்குள்ள அவர் ஷெட்டுல இருக்கிற கோழி பூராவும் செத்துப்போகும்.”

பக்கத்து மேசையில் கவின் சிரித்தான். சாருடைய அக்கா மகன். “ஜோசியம் பாக்குது மாமா.”

“நீ பண்ணுன வேலைக்கு ஜோசியம் எதுக்கு?” என்றேன்.

நடந்தது இதுதான். எங்கள் அலுவலகம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெல்ல மண்டிக்கு மேல் மாடி. கோழிப்பண்ணைகளுக்கு மென்பொருள் செய்கிறோம். நாலு பக்கமும் அடைத்து, ஒரு பக்கம் பெரிய பெரிய ஃபேன்களும் எதிர்ப்பக்கம் தண்ணீர் ஒழுகும் அட்டைச் சுவரும் வைத்த ஷெட்கள். ஈசி ஷெட் என்பார்கள். எந்த ஃபேன் எப்போது ஓட வேண்டும், தண்ணீர் மோட்டார் எப்போது ஓட வேண்டும் என்று பார்த்துக்கொள்வது எங்கள் பாக்ஸ். பாக்ஸில் ஓடும் நிரலை இமேஜ் என்ற ஒரே பொதியாகக் கட்டி, அலுவலகத்தில் இருக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற கிடங்கில் வைத்திருப்போம். ஒவ்வொரு இமேஜுக்கும் ஒரு டேக், அதாவது ஒட்டிய பெயர்ச்சீட்டு. பாக்ஸை ஆஃப் செய்து ஆன் செய்தால் அது முதல் வேலையாக ரெஜிஸ்ட்ரியைக் கூப்பிட்டு, “என் இமேஜ் இருக்கிறதா” என்று கேட்கும். இருக்கிறது என்று பதில் வந்தால்தான் நிரல் ஓடும். பழைய நகல் பாக்ஸுக்குள்ளேயே கிடந்தாலும் பதில் வராவிட்டால் ஓடாது. முன்பு இங்கே இருந்த மோகன்குமார் அப்படி எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வருடமாக யாரும் எதையும் அழிக்காததால் ரெஜிஸ்ட்ரியின் டிஸ்க் நிரம்பிவிட்டது. புது இமேஜ் எதையும் ஏற்ற முடியவில்லை. “பழசையெல்லாம் கழிச்சுக் கட்டு அம்மிணி” என்று சார் சொன்னார். காலையில் நான் பழைய டேக்குகளை நீக்கினேன்.

டேக்கை நீக்கினால் இடம் வராது. சீட்டைத்தான் கிழித்திருக்கிறோம், மூட்டை அப்படியே கிடக்கும். கார்பேஜ் கலெக்ஷன் ஓட்டினால்தான் அது மிச்சமிருக்கும் இமேஜ்களிலிருந்து தொடங்கி, அவற்றுக்கு வேண்டிய பாகங்களையெல்லாம் குறித்துக்கொண்டு, குறிக்காமல் விட்டதை டிஸ்க்கிலிருந்து துடைக்கும். அதன் பிறகு எதையும் திரும்ப எடுக்க முடியாது. அதுவரைக்கும் கிழித்த சீட்டை மறுபடி ஒட்டலாம்.

அதனால் நான் கவினிடம் சொன்னேன், அமாவாசை வரைக்கும் ஓட்டாதே என்று. எங்கள் பண்ணைக்காரர்கள் அத்தனை பேரும் அமாவாசையன்று காலையில் மெஷினையெல்லாம் நிறுத்தித் துடைத்து, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்துத்தான் திரும்ப ஓட்டுவார்கள். பாக்ஸும் அவர்களுக்கு மெஷின்தான். அன்றைக்கு எல்லா பாக்ஸும் ஒருமுறை ரெஜிஸ்ட்ரியைக் கூப்பிடும். சீட்டில்லாத இமேஜ் எதையாவது யாராவது கேட்டால் தெரிந்துவிடும், காப்பாற்றி வைக்கலாம். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத முறை. இந்த ஊருக்கு அது போதும் என்று நம்பினேன். தேடிப் பார்த்துவிட்டே கிழித்திருக்கலாம்.

மதியம் நான் சாப்பிடப் போனேன். கவின் டிஸ்க்கைப் பார்த்திருக்கிறான். அத்தனை டேக் போயும் ஒரு துளி இடம் வரவில்லை. “இந்தப் புள்ள என்னத்தை அழிச்சுது” என்று கேட்டுக்கொண்டே ஓட்டிவிட்டான். டேக் இல்லாத இமேஜையும் சேர்த்து அழி என்று சொல்லி ஓட்டியிருக்கிறான். அழிக்கும் நேரத்தில் யாரும் எதையும் ஏற்றிவிடாமல் ரெஜிஸ்ட்ரியைப் படிக்க மட்டும் என்று மாற்றி வைத்திருந்தான். அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தான்.

நான் திரும்பி வந்தபோது டிஸ்க்கில் பாதி காலி. அவன் டீ வாங்கி வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். அழிந்தவற்றின் வரிசை திரையில் ஓடி நின்றிருந்தது. ஒவ்வொன்றையும் எடுத்து, எந்தப் பண்ணை பாக்ஸ் எதைக் கேட்கும் என்ற பட்டியலில் சாயங்காலம் வரைக்கும் தேடினேன். எல்லாம் குப்பைதான், ஒன்றைத் தவிர. காளியண்ணனுடைய ஃபேன் பேனல், அதாவது சுவிட்ச் பலகை, பழைய மாடல். புது நிரல் அதில் ஓடாது. அதனால் அவருக்கு மட்டும் பழைய இமேஜ். அவர் பாக்ஸ் அதை டேக் சொல்லிக் கேட்பதில்லை, டைஜஸ்ட் சொல்லிக் கேட்கும். டைஜஸ்ட் இமேஜுடைய கைரேகை மாதிரி. திரும்ப அதே நிரலைக் கட்டினாலும் அதே ரேகை வராது. பாக்ஸுக்குள் வெளியிலிருந்து நுழையவும் வழியில்லை. “என் ஷெட்டுக்குள்ள ஒருத்தனும் சேலத்துல இருந்து கை வைக்கக் கூடாது” என்று அவரே சொல்லி அடைக்க வைத்தது. ரெஜிஸ்ட்ரிக்கு பேக்கப்பும் கிடையாது. திரும்பக் கட்டிக்கொள்ளலாமே, எதற்குச் செலவு என்று சார் விட்டுவிட்டார்.

நாளைக்கு சித்திரை அமாவாசை.

இதையெல்லாம் சாரிடம் நின்றபடியே சொன்னேன். அவர் கேட்டார். கேட்காமலிருக்கவில்லை.

“ஃபேன் நின்னா அவருக்குத் தெரியாதா? அலாரம் அடிக்குமில்ல.”

“அலாரமும் பாக்ஸுலதாங்க இருக்கு. காலைல ரெண்டு ஃபேன் பாக்ஸ் இல்லாமலே பேனல்ல நேரா ஓடும். விடியக்கால குளுமைக்கு அது போதும். நல்லாத்தான் இருக்குதுன்னு அவங்க பாட்டுக்குப் பொங்கல் வெச்சு சாப்பிட்டுட்டு இருப்பாங்க. பத்து மணிக்கு மேல வெயில் ஏறும்போது மிச்ச ஃபேனையும் தண்ணி மோட்டாரையும் பாக்ஸ்தான் போடணும். அது போடாது. அடைச்ச ஷெட்டு. அரை மணி நேரம் தாங்காதுங்க.”

“பேனல்ல மேனுவல் சுவிட்ச் இருக்குது.”

“இருக்குது. அதைத் திருப்புங்கன்னு சொல்லத்தான் நம்பர் கேக்கறேன்.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “அம்மிணி, காளியண்ணன் யாருன்னு தெரியுமா உனக்கு? அந்தப் பக்கம் பதினஞ்சு பண்ணை அவரு வாங்குன பொறகுதான் நம்மகிட்ட வாங்குச்சு. உங்க இமேஜைத் தொடச்சுட்டோம்னு அவருகிட்டச் சொன்னா நம்ம கதை முடிஞ்சுது. நாளைக்கு மதியம் கவின் புது பாக்ஸு எடுத்துட்டுப் போவான்.”

“மதியம் போனா செத்த கோழியத்தான் பொறுக்கலாம்.”

“வாயை அடக்கு” என்றான் கவின். “அவரு ஆஃப் பண்ணுவாருன்னே என்ன நிச்சயம்?”

“உங்க மாமா இன்னைக்கே அந்த அலமாரில எலுமிச்சம்பழம் வாங்கி வெச்சிருக்காரு. அதே நிச்சயம்.”

சார் என்னையே பார்த்தார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். நம்பரை வேறு எங்கெல்லாமோ தேடிவிட்டுத்தான் இவர் முன்னால் வந்து நின்றிருந்தேன். மோகன்குமாருக்கு அடித்தேன், அவரிடமும் இல்லை. அவருக்கும் சார் கொடுத்ததே இல்லையாம்.

“சரி, நானே பேசறேன். நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது” என்று சார் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மணி போனது. எனக்கு உயிர் வந்தது.

“ஏனுங்க நவநீ, என்ன இந்நேரத்துல?” பின்னால் ஃபேன்களின் இரைச்சல். அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஒண்ணுமில்லீங்க அண்ணா. கோழியெல்லாம் எப்படீங்க?”

“அமோகமா நிக்குது. இன்னும் ரெண்டு நாள்ல புடிக்க வண்டி வருது. எடை பாத்தீங்கன்னா கண்ணு பட்டுரும்.”

“சந்தோசமுங்க. அண்ணா, நாளைக்கு அந்த பாக்ஸை மட்டும் ஆஃப் பண்ணாம உட்டுருங்களேன்.”

“ஏனுங்க?”

சார் நாக்கால் உதட்டை ஈரமாக்கினார். “சும்மா… ஒரு சின்ன அப்டேட்டுங்க.”

காளியண்ணன் சிரித்தார். “அமாவாசைக்கு நிறுத்தாம எப்படீங்க பூசை போடறது? ஈரக்கையோட பொட்டு வைக்கப் போயி எங்க ஊட்டுக்காரி பொன்னாத்தாளுக்கு ஷாக் அடிச்சா நீங்க வந்து சோறாக்கிப் போடுவீங்களா? பத்தே நிமிசம். எப்பவும் மாதிரி நிறுத்திப் போட்டர்றோம். அதுல ஏதாச்சும் கோளாறுங்களா?”

கேட்டுவிட்டார். இல்லை என்றோ ஆம் என்றோ சொல்ல வேண்டிய கேள்வி. சுவிட்சைத் திருப்பி வையுங்கள் என்று ஒரு வாக்கியம் போதும். எங்கள் மேல் பழி வராமல் ஏதாவது ஒரு பொய்யோடு சேர்த்துச் சொன்னாலும் போதும். சார் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மாதான் கேட்டேன். நல்லபடியா பூசை போடுங்க.”

“அண்ணா, பேனல்ல…” என்று நான் கத்தினேன். அதற்குள் சாருடைய விரல் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டது.

சார் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கீழே மண்டியில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

“மறுபடி கூப்பிடுங்க” என்றேன்.

“போதும்.”

“கால்ல விழறேன், கூப்பிடுங்க.”

“உக்காரு அம்மிணி. சின்னப் புள்ள. தொழில் நடத்துறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும். ஏதாவது ஒண்ணு ஆனாலும் கரண்டு போயிருச்சு, பேனல் பழசுன்னு பேசிக்கலாம். பேனல் நம்மளுது இல்ல.”

அதாவது கோழி செத்த பிறகு என்ன சொல்வது என்று ஏற்கெனவே யோசித்து வைத்துவிட்டார். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதுதான் அவர் வாயில் வரவில்லை.

என் பையை எடுத்தேன். கவின் எழுந்து கதவுப் பக்கம் வந்தான். “லேப்டாப் கம்பெனியோடது.”

“மேசை மேல இருக்குது, பாரு.”

“எங்க போற?” என்றார் சார்.

“எருமப்பட்டிக்கு. காளியண்ணன் பண்ணை எதுன்னு பஸ் ஸ்டாண்டுல கேட்டாச் சொல்லுவாங்க. விடியறதுக்கு முன்னால சுவிட்ச் எந்தப் பக்கம் திருப்பணும்னு காட்டிட்டு, எதனாலன்னும் சொல்லிட்டு வருவேன். அவங்க பாக்ஸுல இருக்கிற இமேஜ்தான் உலகத்துலயே மிச்சமிருக்கிற ஒரே நகல். அதையும் ஒரு பென்டிரைவ்ல எடுத்து அவங்க கையிலயே குடுத்துருவேன்.”

“பொட்டப்புள்ள இருட்டுல போயி நின்னா உன்னை நம்புவாங்களா? எந்த ஊரு, யாரு மகள்னுதான் மொதல்ல கேப்பாங்க.”

“கேக்கட்டும். ஓமலூரு, சென்றாயன் மகள். கூலிக்காரர். அதையும் சொல்றேன்.”

“இந்தப் படிய இறங்குனா உள்ள வர முடியாது சுகன்யா. அனுபவச் சான்றிதழும் கிடையாது. உங்க ஊட்டுல மொத ஆளா படிச்சு வந்திருக்கிற. உங்கப்பன்கிட்ட என்ன சொல்லுவ?”

அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் கேட்டார். அப்பாவுக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்றே தெரியாது, ஏசி ரூமில் உட்காருகிறேன் என்பது மட்டும் தெரியும். ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். ஆனால் அதை யோசிப்பதற்கான நேரம் தாண்டிவிட்டது. “சும்மாதான் கேட்டேன்” என்று அவர் போனில் சொன்னபோதே என் செருப்பு எங்கே கிடக்கிறது என்று என் கண் தேடத் தொடங்கியிருந்தது.

“தள்ளு” என்றேன் கவினிடம்.

அவன் சாரைப் பார்த்தான். சார் கணினித் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் தள்ளி நின்றான். நான் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.