வீட்டுக்குள் பூட்ஸ்

குன்றில் ஏறும்போது ரோகிணிக்கு ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. செங்கல்பட்டுக்கு வெளியே, பழைய கல்குவாரியை ஒட்டிய குன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் முதுகில் தண்ணீர் கேன்களைச் சுமந்து அதில் ஏறி இறங்குவது அவளுடைய பயிற்சி. அடுத்த மாதக் கடைசியில் இமயமலைக்குப் போகிறாள். இரண்டாம் முறை.

முதல் முறை பாதியில் திரும்பினாள். போன வருடம் புது பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு போனதில், இரண்டாம் நாளே குதிகால் தோல் உரிந்துவிட்டது. வழிகாட்டி அவளைக் கீழே அனுப்பிவிட்டார். மற்றவர்கள் பனிக் கணவாயைத் தாண்டித் திரும்பும்வரை கூடாரத்தில் உட்கார்ந்து பருப்புச் சோறு தின்றாள்.

அதனால் இந்த முறை தீர்மானமாக இருந்தாள். புது பூட்ஸ் கிடையாது. வருஷக்கணக்காகக் காலுக்குப் பழகிய பழைய தோல் பூட்ஸ்தான்.

"அடியில பல்லெல்லாம் அப்படியே இருக்கு. இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்," என்றாள்.

"முட்டிக்கும் அஞ்சு வருஷம் ஓடணுமே," என்றான் கணவன் ஹரிகிருஷ்ணன்.

மறுநாள் பூட்ஸைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஊரப்பாக்கம் போனாள். ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் வரலட்சுமியின் கடை. முன்பு ஷூ கம்பெனியில் அடி ஒட்டும் பிரிவில் இருந்தவள். இப்போது சொந்தமாக ஒரு பிரஸ் மெஷின் போட்டிருந்தாள். மலையேறுகிறவர்களும் பைக் ஓட்டுகிறவர்களும் அவளைத் தேடி வந்தார்கள்.

வரலட்சுமி பூட்ஸை மேஜைமேல் வைத்துவிட்டுக் குனிந்து, பின்னாலிருந்து பார்த்தாள்.

"இன்னாக்கா இது, ரெண்டும் ஒண்ண ஒண்ணு பார்த்து கொஞ்சிகினு கீது?"

ரோகிணியும் குனிந்தாள். இரண்டு குதிகால்களும் உட்பக்கம் சாய்ந்திருந்தன. இத்தனை வருடம் மேலிருந்தே பார்த்திருக்கிறாள்.

"பல்லு இருக்கே," என்றாள்.

"பல்லு கீது. மெத்த செத்துப்போச்சு." தோலுக்கும் ரப்பர் அடிக்கும் நடுவில் இருக்கும் மிட்சோலைக் காட்டினாள். பக்கவாட்டில் குறுக்கே சுருக்கங்கள், நசுங்கிய பஞ்சு போல. "இங்க அமுக்கிப் பாரு."

ரோகிணி கட்டைவிரலால் அமுக்கினாள். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் மேலே எழும்பவில்லை.

"எறங்கும்போது முட்டி வலிக்குதா?"

"ஆமா."

"அப்போ அடி வாங்குறது உன் முட்டிதான். சரி, அது செய்யக்கூடிய வேலதான். பழச சுத்தமா சொரண்டி எடுத்துட்டு, புது மெத்த, புது அடி வச்சி அழுத்திடலாம். ஒட்டுன கையோட போட்டுக்கக் கூடாது, பசை நல்லா எறுகணும். பத்து நாள் குடு."

ரோகிணிக்கு மூச்சு வந்தது. "குடுத்துடறேன். போடுங்க."

"இரு அக்கா. மேல் தோல இன்னும் பாக்கல. அது போச்சின்னா கீழ எவ்ளோ போட்டும் வேஸ்ட்டு."

வரலட்சுமி வலது பூட்ஸை விரல்கள் மடியும் இடத்தில் வளைத்தாள். மெல்லிய கோடுகள். "இது மேலாக்கதான். எண்ணெ போட்டா நிக்கும்." இடதை வளைத்தாள். அதே இடத்தில் ஒரு வெடிப்பு வாய் திறந்தது. உள்ளே நார் நாராகத் தெரிந்தது. தையலோரமாக உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது.

"கடல்ல குளிக்க வச்சியா இத?"

ரோகிணி இருக்கும் கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம். மணலில் நடந்தால் கால் உறுதிப்படும் என்று யாரோ சொல்ல, ஈர மணலில் பூட்ஸோடு நடந்தாள். மாமல்லபுரம் வரைகூட ஒருமுறை போயிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அப்படியே மொட்டை மாடி வெயிலில் வைப்பாள். நல்ல தண்ணீரில் துடைத்ததில்லை, எண்ணெய் காட்டியதில்லை.

"உள்பக்கம் ஒரு தோல் வச்சுத் தைக்க முடியாதா?"

"தைக்கலாம். ஆனா அது விரல் மடியிற எடம். தையல் உள்ள ஒரசும். மெட்ராஸ்ல நடக்கவா போற? மலைக்குல்ல."

"பரவாயில்ல, தைங்க."

வரலட்சுமி இடது பூட்ஸுக்குள் பழைய பேப்பரைத் திணித்து, முன்பாதி மூழ்கும்படி ஒரு தொட்டித் தண்ணீரில் நிறுத்தினாள். "டீ சாப்பிடலாம், வா."

டீ முடிந்தது. பேப்பரை இழுத்தாள். வெடிப்புக்கு நேர் கீழே மட்டும் நனைந்து கறுத்திருந்தது.

"பனியில இதான். ஒட்டுப் போட்டாலும் வழி கண்டுபிடிச்சு வந்துடும். அடி போட்டு டப்பு வாங்கிக்க எனக்கு ஆசதான். வேணாங்க்கா. வேற வாங்கிக்க."

"வேற ஒரு ஜோடி இருக்கு. அதுதான் என்னைக் கடிச்சது."

"எங்க கடிச்சுது? முன்னாடி விரல் முட்டுச்சா?"

"இல்ல. குதிகால்தான்."

"அப்போ சைஸ் சரி. அத எவ்ளோ நாள் போட்டுப் பழக்குன?"

ரோகிணி அதைப் போன வருடம் புரட்டாசியில் வாங்கினாள். அழுக்காக வேண்டாம் என்று டப்பாவிலேயே வைத்திருந்தாள். கிளம்புகிற அன்று நல்ல நேரம் பார்த்துப் போட்டுக்கொண்டாள். பூட்ஸின் நாக்கில் மஞ்சள்கூடத் தடவியிருந்தாள்.

"பழக்கவே இல்ல," என்றாள்.

"நல்லா கீது கத," என்று வரலட்சுமி சிரித்தாள். ரோகிணிக்கும் சிரிப்பு வந்தது. பழைய ஜோடியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து டப்பாவை இறக்கினாள். மிட்சோலை அமுக்கினாள். உள்ளே போய், விரலை எடுத்ததும் எழும்பியது. தோலை வளைத்தாள். சுருக்கம் விழுந்து மறைந்தது. கெட்டியான காலுறையோடு மாட்டி, கணுக்காலில் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். குதிகால் கொஞ்சம் தூக்கியது. அவிழ்த்து, இன்னொரு சுற்றுக் கொடுத்துக் கட்டினாள். தூக்கவில்லை. இப்போதே ஆரம்பிக்க வேண்டும். அலுவலகத்தில் அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார முடியாது. மிச்சம் இருந்தது வீடு.

அடியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, சமையலறைக்குப் போய்க் குக்கரை ஏற்றினாள்.

மாமியார் ஞானம்மாள் வாசல்படியில் நின்றாள். "ரோகிணி, காலுல என்ன?"

"பூட்ஸ் அத்தை."

"அடுப்படியிலயா?"

"கழுவிட்டேன். ஒரு மாசம் அத்தை. பூஜை ரூம் பக்கம் வரமாட்டேன்."

"ஹரி, உம் பொண்டாட்டி மிலிட்டரில சேர்ந்துட்டா. வந்து பாரு."

"பார்த்தேம்மா. நானே காபிக்கு சல்யூட் அடிச்சுட்டுதான் வந்தேன்."

ரோகிணி பூட்ஸோடு வெங்காயம் நறுக்கினாள், துணி மடித்தாள். மாவு வாங்கக் கடைக்குப் போனாள். முதல் வாரம் குதிகால் சிவந்தது. சிவந்த உடனே கழற்றி, டேப் ஒட்டிக்கொண்டு, மறுநாள் மறுபடி மாட்டினாள். இரண்டாம் வாரம் தோல் கணுக்காலில் தணிந்து மடியத் தொடங்கியது. அதன் பிறகு குன்றுக்குப் போட்டுப் போனாள், முதலில் சுமையில்லாமல், பிறகு கேன்களோடு. இறங்கும்போது முழங்காலைக் கவனித்தாள். அது பேசவில்லை.

மலையில் இரண்டாம் நாள், போன வருடம் அவள் திரும்ப நேர்ந்த அதே கூடார மேடு. அதே வழிகாட்டி. அவளை அடையாளம் கண்டுகொண்டு, காலைக் காட்டச் சொன்னார்.

ரோகிணி ஒரு பாறையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். காலுறையை உருட்டி இறக்கினாள். குதிகால் சாதாரணமாக இருந்தது. டேப் ஓரத்தில் கொஞ்சம் அழுக்கு.

அவர் மேலே கை காட்டினார்.

காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள். கணுக்காலில் ஒரு சுற்று அதிகம் கொடுத்துக் கட்டினாள். எழுந்து நடந்தாள்.