திலீப் பழைய வெர்ஷனுக்குப் போன ஞாயிறு

திலீப்புக்கு ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. வாரம் முழுக்கத் துறைமுக வாசலில் கண்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்பதைப் பார்த்து நொந்துபோவான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் திருவொற்றியூர் வீட்டில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒரு விளையாட்டில் அதே லாரியை ஓட்டுவான். கலீலுல்லா, கலீலுல்லாவின் தங்கை சைமா, இன்னும் இரண்டு தோஸ்துகள், திலீப் என ஐந்து பேர் ஆன்லைனில் வரிசையாகப் போவார்கள். முதல் லாரி எப்போதும் திலீப்புடையது. தலைவர் என்று யாரும் அவனைத் தேர்ந்தெடுத்ததில்லை. வாட்ஸ்அப் குரூப்பைத் தொடங்கியது அவன்தான், அவ்வளவே.

வியாழக்கிழமை, விளையாட்டை வாங்கிய ஸ்டீம் என்ற ஆன்லைன் கடை வழியாக அதற்குப் புதிய அப்டேட் வந்தது. திலீப்பின் கம்ப்யூட்டரில் நொடிக்கு அறுபது ஃபிரேம் ஓடிக்கொண்டிருந்தது நாற்பத்தைந்துக்கு இறங்கி, படம் தடுமாறியது. திலீப் பதறிப்போய் யூடியூபில் தேடினான். சிவப்பு அம்புக்குறி போட்ட ஒரு வீடியோ, ‘இந்த இரண்டு ஃபைலை மாற்றினால் ராக்கெட் வேகம்’ என்றது. அதில் கிடைத்த ஃபைல்களை ஒரிஜினல் மேலேயே ஒட்டினான். இருபத்தைந்துக்கு வந்தது. லாரி திரும்புவதற்குள் திலீப்பின் கழுத்து இரண்டு முறை திரும்பிவிடும். கம்பெனிக்காரன் பண்ணிய கலீஜ் வேலை என்று முடிவு கட்டினான். தான் ஒட்டியதை அந்த நிமிடமே மறந்தும் போனான்.

ஞாயிறு காலை குரூப்பில் குரல் பதிவு போட்டான்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. ஸ்டீம்ல கேம் பேரை ரைட் கிளிக் பண்ணு, பிராப்பர்ட்டீஸ் போ, பீட்டாஸ்னு ஒண்ணு கீது. அதுல பழைய வெர்ஷன் வெச்சிகிறான். அதைத் தேர்ந்தெடு. எல்லாரும் ஒரே வெர்ஷன்ல இருந்தாத்தான் சேர்ந்து ஓட்ட முடியும்.”

“இன்னா மாமு, எனக்கு நல்லாத்தானே ஓடுது?” என்றான் கலீலுல்லா.

“உனக்குப் பார்க்கத் தெர்ல நைனா.”

தெரியாதவன் என்று பேர் வாங்க யாருக்கும் மனமில்லை. நான்கு பேரும் மாறினார்கள். டவுன்லோட் முடிய மத்தியானம் ஆனது. கலீலுல்லாவின் மொபைல் டேட்டா அதிலேயே தீர்ந்து, பக்கத்து வீட்டு வைஃபையைக் கெஞ்சி வாங்கினான்.

முதலில் வெடித்தது சைமா. “அண்ணே, வெள்ளிக்கிழமை நான் வாங்குன புது லாரியைக் காணோம். புது வெர்ஷன்ல சேவ் பண்ணது பழசுல திறக்கலன்னு சொல்லுது.”

“அது எங்கயும் போவாது. திரும்பப் புதுசுக்குப் போனா வந்துரும்” என்றான் திலீப். அதற்குள் தன் லாரியைக் கிளப்பிப் பார்த்திருந்தான். முப்பது ஃபிரேம்கூட வரவில்லை. இன்னும் பழையது ஒன்று பட்டியலில் இருந்தது. யாருக்கும் சொல்லாமல் அதற்கும் போய்ப் பார்த்தான். அதே நொண்டல். சத்தமில்லாமல் திரும்பி வந்தான்.

“உங்களுக்கு இப்ப ஸ்மூத்தாயிடுச்சாண்ணே?”

“ஆவுது, ஆவுது. வெயில்ல மிஷினு சூடாகீது.”

“சும்மா சொல்லாதீங்க. மாத்தறதுக்கு முன்னாடி ஃபைலெல்லாம் ஒரிஜினலா இருக்கான்னு வெரிஃபை பண்ணீங்களா?”

அதெல்லாம் புதுசாக வருகிறவர்களுக்கு என்று திலீப்தான் போன மாதம் சைமாவிடம் சொல்லியிருந்தான். மைக்கை அணைத்துவிட்டு, இன்ஸ்டால்டு ஃபைல்ஸ் பக்கத்தில் இருந்த வெரிஃபை பட்டனை அழுத்தினான். கோடு மெதுவாக நகர்ந்தது. இரண்டு ஃபைல்கள் சரியில்லை, மறுபடி இறக்கப்படும் என்று வந்தது.

இரண்டு. சிவப்பு அம்புக்குறி அவன் கண்ணில் வந்து நின்றது. பழைய வெர்ஷனுக்கும் புதியதற்கும் அந்த இரண்டு ஃபைலில் வித்தியாசமே கிடையாது. அதனால் எந்த வெர்ஷனுக்குப் போனாலும் ஸ்டீம் அவற்றைத் தொடவில்லை. அவன் ஒட்டிய குப்பை அவன் கூடவே வந்துகொண்டிருந்தது.

பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி வினிதா எட்டிப் பார்த்தாள். “இன்னா, மூஞ்சி பேஜாராகீது?”

“கம்பெனிக்காரன் மேல தப்பு கம்மிதான் போலகீது.”

“மீதி?”

“மீதி இந்த நாற்காலில குந்திகினுகீது.”

ஃபைல் இறங்கியதும் ஓட்டிப் பார்த்தான். பழைய வெர்ஷனில் வெண்ணெய் மாதிரி அறுபது. புதியதற்குத் திரும்பினால் நாற்பத்தைந்து. அப்டேட் அவன் மிஷினை இழுத்தது நிஜம்தான். ஆனால் அவன் இழுத்துவிட்டது அதைவிட அதிகம்.

மைக்கைத் திறந்து நடந்ததைச் சொன்னான். வீடியோவைப் பற்றிச் சொல்லும்போது குரல் தானாகத் தாழ்ந்தது. கலீலுல்லா சிரித்த சிரிப்பில் திலீப்பின் ஹெட்செட் கரகரத்தது.

“அப்ப பழசுலயே ஓட்டலாமா? உனக்கு அதானே நல்லாகீது?” என்று கலீலுல்லாவே கேட்டான். கிண்டலாக இல்லை.

திலீப் யோசித்தான். பழையதில் இருந்தால் அவனுக்கு அறுபது. சைமாவுக்குப் புது லாரி கிடையாது.

“வேணாம். எல்லாரும் புதுசுக்குப் போலாம். நான் கிராபிக்ஸ்ல நிழலு எல்லாத்தையும் கம்மி பண்ணிக்கிறேன். சைமா முன்னாடி போவட்டும்.”

சாயங்காலம் ஐந்து லாரிகளும் கிளம்பின. திலீப்பின் திரையில் மரங்களுக்கு நிழல் இல்லை, ஐம்பது சொச்சம் ஃபிரேம் வந்தது. கடைசி லாரியாகப் போனான். முதல் வளைவில் சைமா இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினாள். இத்தனை நாள் இண்டிகேட்டரே போடாமல் முன்னால் ஓட்டிய திலீப்புக்கு அது எந்த பட்டன் என்றே தெரியவில்லை. ஏதோ ஒன்றை அழுத்தினான், ஹார்ன் அடித்தது.

“இன்னாண்ணே?”

“ஒண்ணுமில்ல, நீ போ.”

வினிதா மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு, அந்த பட்டனைத் தேடிக் கொடுத்தாள்.