கை நீட்டும் தூரம்

நகைக்கடையின் பின்னறையில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் கழுத்தில் நெக்லஸ் மாட்டுவது என் வேலை. வாடிக்கையாளர் படம் அனுப்புவார். போட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நான் காட்டுவேன். காலை ஒன்பது மணி முதல் என்னிடம் பேசுவது கம்ப்யூட்டரின் மின்விசிறி மட்டும்தான்.

அளவு பிடிக்கப் படத்தில் இருப்பவரின் கண்களைத்தான் நம்புவேன். பெரியவர்களுக்கு இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே ஏறத்தாழ அறுபத்து மூன்று மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் நெக்லஸைச் சுருக்கி, சங்கிலி தோலைத் தொடும் இடத்தில் மெல்லிய நிழல் வைத்து, பின்பக்கத்தை முடிக்குள் மறைத்துவிட்டால், நகை கழுத்தில் உட்கார்ந்துவிடும். இல்லையென்றால் படத்தில் ஒட்டிய ஸ்டிக்கர்தான்.

அன்று ஒரு கணக்கு டீச்சர் நேரில் வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவருக்குப் பணி ஓய்வு விழா, அதற்காக வாங்கிய நெக்லஸ். படத்தில் காலர் எலும்புக்கு இரண்டு விரல் கீழே தொங்கியது, நிஜத்தில் கழுத்தோடு ஒட்டி நிற்கிறதாம். மூன்று வருடமாக இதே வேலை பார்க்கிறேன், எனக்கே பாடமா என்று எரிச்சலோடு அவருடைய படத்தைத் திறந்தேன்.

ஓரத்தில் அவருடைய கை முன்னால் நீண்டிருந்தது. தானே எடுத்த படம். போன் அவ்வளவு பக்கத்தில் இருந்தால் முகம் கழுத்தைவிடப் பெரிதாக விழும். கண்ணை வைத்து அளந்த நெக்லஸ் கழுத்துக்கு வந்ததும் ஊதிப்போய்க் கீழே தொங்கும். இதைக் கவனிக்காமல் விட்டது நான்தான். விளக்கிச் சொல்லி மன்னிப்பு கேட்டேன்.

டீச்சர் திரையில் நீண்டிருந்த தன் கையைப் பார்த்தார்.

"அப்போ வேற யாராவது தள்ளி நின்னு எடுத்திருந்தா சரியா வந்திருக்கும்."

"ஆமா டீச்சர்."

"வீட்ல யாரும் இல்லம்மா."

நெக்லஸைக் கழற்றச் சொல்லி, அவரைச் சுவரோரம் நிற்க வைத்து, இரண்டு மீட்டர் பின்னால் போய் ஒரு படம் எடுத்தேன். அதில் நெக்லஸை வைத்தேன். கழுத்தடியில் ஒட்டி நின்றது, அவர் கழுத்தில் நிஜமாகக் கிடந்ததைப் போலவே. நிழலையும் சரிசெய்து திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"நெக்லஸ் எனக்கு எடுபடல," என்றார். "திருப்பி எடுத்துக்குங்க. படத்துல இருக்கிறதையும் அழிச்சிட்டு, வெறும் படத்தை மட்டும் குடுங்க."

நகையையும் நிழலையும் நீக்கிவிட்டு, விழாவுக்கா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். பிரிண்ட்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"என் போன்ல இருக்கிற படத்துல எல்லாம் நான் என்னையேதான் பாத்துட்டிருப்பேன். இதுல யாரையோ பாக்கறேன்."

"என்னைத்தான் டீச்சர்," என்றேன்.

அவர் போன பிறகு அந்தப் படத்தை மறுபடி திறந்தேன். அந்த அறையில் என்னையும் ஒருவர் நிமிர்ந்து பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.