டெரிக் கம்பத்தில் இறங்கவும்

கல்மண்டபம் பகுதியில் எங்கள் மிக்ஸி ரிப்பேர் கடை இருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாக ஓனர் சொல்லிவிட்டார். அப்பா வேறு இடம் தேடி நிறைய அலைந்தார். அவர் கொடுக்கக்கூடிய வாடகைக்கு ஒரே இடம்தான் கிடைத்தது. காசிமேட்டைத் தாண்டி, எக்ஸ்பிரஸ் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், லட்சுமணன் என்பவர் வீட்டு முன்னறை. அந்தச் சந்து முனையில்தான் என் அண்ணன் டெரிக் செத்துப்போனான்.

ரிப்பேர் முடிந்த மிக்ஸியை டெலிவரி கொடுக்க பைக்கில் போனவனை, திரும்புகிற கண்டெய்னர் லாரி இழுத்துக்கொண்டது. பிறகு அவன் நண்பர்கள் முனையிலிருக்கும் விளக்குக் கம்பத்தில் ஒரு பேனர் கட்டினார்கள். கூலிங் கிளாஸ் போட்டுச் சிரிக்கிற படம், மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே அவன் பெயர். வெயிலில் வெளுத்துப்போனால் புதிதாகக் கட்டினார்கள்.

கடை சந்துக்குள் தள்ளி இருக்கிறது, உள்ளே உட்கார்ந்தால் ரோடு தெரியாது என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எங்கள் வீட்டில் அண்ணன் பெயரைச் சொல்வது நின்றுபோய் ரொம்ப நாளாகியிருந்தது. சொல்லக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

சாமான்களை ஏற்றுவதற்கு முன் அப்பா ஜெரியைப் பார்த்துப் பேசினார். ஜெரி அண்ணனின் கூட்டாளி, அந்த ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். கூட்டாளிகளைச் சேர்த்துப் பேனர் கட்டியவனும் அவன்தான். தினமும் அந்த வழியாகத்தான் வந்துபோக வேண்டும், அதை எடுத்துவிடு என்று அப்பா கேட்டார். ஜெரி "சரி அங்கிள்" என்றான். அடுத்த நாள் கம்பத்தில் கயிறு சுற்றியிருந்த தடம் மட்டும் இருந்தது.

அறிவிப்பை எழுதும் வேலை எனக்கு. நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திய பிறகு கடையில் ரசீது எழுதுவது நான்தான். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன்.

'தாமஸ் மிக்ஸி சர்வீஸ் இடம் மாறுகிறது. எக்ஸ்பிரஸ் ரோடு, காசிமேடு தாண்டி, ஐஸ் கம்பெனி பின்புறம், டிரான்ஸ்பார்மர் உள்ள சந்து. ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் பழைய ரசீதைக் காட்டி அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். போன் நம்பர் மாறவில்லை.'

அதை ஃபிளெக்ஸ் அடித்துப் பழைய கடை ஷட்டரில் கட்டினோம். இடிக்கிறவர்கள் கட்டடத்தைச் சுற்றித் தகரம் அடைத்தபோது, அப்பா போய் ஃபிளெக்ஸைத் தகரத்தின் மேல் மாற்றிக் கட்டிவிட்டு வந்தார். தகரம் இருக்கும்வரைதான் அது இருக்கும். அதற்குள் பழைய ஆட்களெல்லாம் பார்த்துவிட வேண்டும். பார்க்காதவர்கள் கடை மூடிவிட்டது என்று நினைத்து வேறு ஆளிடம் போய்விடுவார்கள்.

புதுக் கடையில் முதல் வாரம் போன்தான் அடித்தது, ஆள் வரவில்லை. எந்த ஐஸ் கம்பெனி என்று எல்லோரும் கேட்டார்கள். மீன்பிடித் துறைமுகம் பக்கம் ஐஸ் கம்பெனிக்குப் பஞ்சமா? டிரான்ஸ்பார்மரும் அப்படித்தான், சந்துக்குச் சந்து நின்றது. அப்பா பொறுமையாக வழி சொல்வார். மஞ்சள் கேட் போட்ட வீடு, அதுக்கு அடுத்த சந்து என்பார். அவர்கள் சரி என்பார்கள். சாயங்காலம் வரை காத்திருப்போம். சரி செய்த மிக்ஸிகள் பெயர்ச் சீட்டு ஒட்டி ரேக்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. லட்சுமணன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்ன தாமஸ், ஈ ஓட்டுறியா என்று சிரித்தார். போகும்போது, இப்படியே போனால் வாடகைக்கு என்ன செய்வாய் என்று சிரிக்காமல் கேட்டார்.

கன்னியம்மா வந்தது ஒரு மத்தியான வெயிலில். கொருக்குப்பேட்டையில் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறவர், ரொம்ப வருஷத்து வாடிக்கை. ஒயர்கூடையில் மிக்ஸியும் ஜாரும் இருந்தன. முகமெல்லாம் வேர்வை. கூடையை மேஜைமேல் வைத்துவிட்டு, நான் கொடுத்த தண்ணீரை நின்றபடியே குடித்தார்.

"மூணு ஐஸ் கம்பெனி பின்னாடி பூந்து வந்துகினுகிறேன். ஒருத்தன் மீன் வாங்க வந்தியான்றான். இன்னா போர்டு எழுதிக்கிற நைனா நீ?"

அப்பா மிக்ஸியைத் திருப்பி அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றினார். சந்துக்குப் பெயரில்லை, வேறு என்ன எழுதுவது என்றார்.

கன்னியம்மா என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பேரு கீது நைனா. ஆட்டோக்காரன்லாம் இத்த டெரிக் கம்பம்னுதான் சொல்றான். அங்கதான் எல்லாம் எறங்குது. நானும் அப்டி கேட்டுதான் வந்தேன். போன்ல உன்னாண்ட சொல்ல எனக்கு வாய் வர்ல."

அப்பாவின் கை நின்றது. ஒரு ஸ்க்ரூ உருண்டு கீழே விழுந்தது. நான் குனிந்து தேடினேன்.

"இப்ப படமும் இல்ல. பாதி ஜனம் தாண்டிப் போய்டுது" என்று கன்னியம்மா சொன்னார்.

அப்பா மோட்டாரைப் பிரித்துத் தேய்ந்துபோன கார்பனை மாற்றினார். ஓடவிட்டுப் பார்த்தார். கன்னியம்மா காசைக் கொடுத்துவிட்டு, அவர் தோளை ஒருதரம் தொட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு அப்பா போனை எடுத்து ஜெரியைக் கூப்பிட்டார்.

"அந்தப் படம் வெச்சிகிறியாடா? திரும்பக் கட்டிடு." அந்தப் பக்கம் ஜெரி என்னவோ கேட்டான். "இல்லடா, அதெல்லாம் இல்ல. கடைக்கு அடையாளம் வேணும்" என்றார்.

என்னைப் புதிதாக எழுதச் சொன்னார். காகிதத்தை வைத்துக்கொண்டு அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "டெரிக் கம்பத்தில் இறங்கவும். எழுது."

அண்ணன் பெயரை நான் கடைசியாக எழுதியது கல்லறைக் கல்லுக்கு. அன்றைக்கும் எழுத்து சரியாக வர வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். ரி-க்கு மேலே வளைவு போடும்போது கை நடுங்கியது. இன்றைக்கு நடுங்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

புது ஃபிளெக்ஸைக் கல்மண்டபத்துத் தகரத்தில் கட்டினோம். ஜெரி கம்பத்தில் படத்தைக் கட்டினான். ஜனம் வரத் தொடங்கியது. இறங்கியதும் படத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் மெதுவாகச் சந்துக்குள் வந்தார்கள். போன் அடிக்கும்போதெல்லாம் அப்பா ஒரே மாதிரி சொன்னார். டெரிக் கம்பத்தில் இறங்குங்கள், இடது கைப் பக்கம் சந்து. முதலில் பெயருக்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வார். அப்புறம் செருமுவதையும் விட்டுவிட்டார். அம்மா அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஒரு நாள் இதைக் கேட்டாள். டிபன் கேரியரை வைத்துவிட்டு, உட்காராமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நேற்று மணலி புதுநகரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். யாரோ சொல்லி நம்பர் வாங்கியிருக்கிறார், எங்களைத் தெரியாது. அப்பாவின் கையெல்லாம் கிரீஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்பா வழக்கம்போல வழி சொன்னார்.

"டெரிக்குன்னா இன்னாண்ணே, கம்பெனி பேரா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

அப்பா கையிலிருந்த துணியைப் பார்த்தார்.

"இல்லம்மா. எம் பையன்." கொஞ்சம் நிறுத்தி, "படம் கட்டிகீது, பாத்தா தெரியும். எறங்கிட்டுப் போன் பண்ணு. எம் பொண்ண அனுப்புறேன்" என்றார்.

போன் வந்ததும் நான் முனைக்குப் போனேன். கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நின்றன. அந்தப் பெண் மிக்ஸியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கம்பத்தடியில் நின்று, அண்ணன் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கையிலிருந்த ஜாரை நான் வாங்கிக்கொண்டேன்.