சிவப்புக் குழாயும் சந்தனப் பொட்டும்

எங்கள் லேப் சிதம்பரம் மேல வீதியில் ஒரு மாடியில் இருக்கிறது. பில் போடுவது நான், புஷ்பவள்ளி. ரத்தம் எடுத்துச் சோதிப்பது ஸ்ரீமதி. எங்கள் இருவருக்கும் மேலே முதலாளி தேவநாதன் சார். அவருக்கும் மேலே, சுவரில் தொங்கும் நாள்காட்டி.

நாள்காட்டியைக் கேட்காமல் சார் எதையும் தொடமாட்டார். ஒருமுறை ராகுகாலத்தில் ரத்தம் கொடுக்க வந்தவரையே உட்கார வைத்துவிட்டார். அவர் வெறும் வயிற்றோடு வந்தவர். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாபம் விட்டிருந்தால் எனக்குத்தான் பலித்திருக்கும்.

சென்னையில் சார் வாங்கிய புது இயந்திரம் ஒரு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரம். கடையை விட்டு வெளியே வந்ததும் பொறுப்பு உங்களுடையது என்று விற்றவர்கள் சொல்லிவிட்டதால், வழியில் சேதமானால் ஈடு கிடைக்கும்படி தனியாகப் பணம் கட்டி, கூரியரை சாரே ஏற்பாடு செய்திருந்தார். மணி பத்து நாற்பது. கூரியர்காரர் பெட்டியை வாசலில் வைத்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கையெழுத்துக்குச் சீட்டை நீட்டினார். அதில் 'பொருள் நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று முன்கூட்டியே அச்சிட்டிருந்தது. பெறுவதற்கு முன்பே நல்ல நிலை!

ஸ்ரீமதிக்கு மனசு கேட்கவில்லை. வீட்டிலிருந்த சாருக்குப் போன் போட்டு, பிரித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டாள். ராகுகாலத்தில் பெட்டியில் கத்தி படக்கூடாது, போட்டு அனுப்பு என்றார் சார். கூரியர்காரருக்கு இன்னும் முப்பது வீடு பாக்கி. பெட்டி வெளியே பளபளவென்று இருந்தது, ஒரு மூலைகூட நசுங்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். அவர் போய்விட்டார்.

பன்னிரண்டே காலுக்கு சார் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பெட்டியின் முன்பக்கம் நடுவில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், அதற்குள் சின்னதாக ஒரு கண்ணாடிக் குழாய். பொட்டு வைக்கவே செய்துவைத்த இடம்போல் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்திச் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்தார். சூடம் காட்டினார். பிறகுதான் கத்தி பட்டது.

உள்ளே தெர்மாகோல் இரண்டாகப் பிளந்திருந்தது. இயந்திரத்தின் பக்கவாட்டு மூடி விரிசல் விட்டிருந்தது. ரத்தத்தை உறிஞ்சும் ஊசி வளைந்து தொங்கியது. சார் முதலில் பார்த்தது இயந்திரத்தை அல்ல, ஸ்ரீமதியை.

"கையெழுத்து யாரும்மா போட்டது?"

ஸ்ரீமதி பெட்டியின் பக்கம் குனிந்தாள். ஸ்டிக்கரில் ஆங்கிலத்தில் இருந்ததை அப்போதுதான் படித்தாள். பெட்டி பலமாக அடிபட்டால் குழாய் சிவப்பாகும், சிவப்பாக இருந்தால் வாங்கும்போதே சீட்டில் எழுத வேண்டும். நான் அதை ஏதோ கம்பெனி அலங்காரம் என்று நினைத்திருந்தேன். இப்போது அலங்காரத்தின் மேல் இன்னொரு அலங்காரம்.

கூரியர் ரசீதின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் விதிகள் இருந்தன. வெளியே தெரியாத சேதத்தை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர்கள் வந்து பார்க்கும்வரை பெட்டி, தெர்மாகோல், பொருள் மூன்றும் அப்படியே இருக்க வேண்டும். ஸ்ரீமதி எல்லாவற்றையும் படம் எடுத்து ஒன்றரை மணிக்கெல்லாம் மெயில் அனுப்பிவிட்டாள். சனிக்கிழமை சார் அந்த அட்டைப்பெட்டியை வீட்டில் கொலு பொம்மை கட்டிவைக்கக் கேட்டார். அவள் பெட்டியை எக்ஸ்ரே அறையில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை கூரியர் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு ஒருவர் வந்தார். பஞ்சால் சந்தனத்தைத் துடைத்தார். குங்குமம் போயிற்று, குழாய் சிவப்பாகவே நின்றது. சார் நிம்மதியாக மூச்சு விட்டார். புதன்கிழமை பதில் வந்தது. குழாய் சிவந்திருப்பது உண்மை, எப்போது சிவந்தது என்பதற்கு ஆதாரமில்லை, வாங்கியவர் நல்ல நிலையில் என்று கையெழுத்திட்டிருக்கிறார், அதன்பின் ஸ்டிக்கர் மறைக்கப்பட்டிருக்கிறது, ஆகவே கோரிக்கை ஏற்கப்படவில்லை.

அன்று மாலை சார் ஒரு தாளைக் கொண்டுவந்து ஸ்ரீமதியின் மேசையில் வைத்தார். 'எனது கவனக்குறைவால்' என்று ஆரம்பித்து, வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று முடியும் கடிதம். எழுத்தெல்லாம் அவருடையது, கீழே இடம் மட்டும் அவளுக்கு. இயந்திரத்துக்குக் கடன் கொடுத்தவர்களிடம் தப்பு இன்னாருடையது என்று அவர் காட்ட வேண்டுமாம். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். அவள் அதை மடித்துப் பையில் வைத்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சந்தனக் கிண்ணத்தை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். நானும் சம்பளக்காரிதான், வீசவில்லை.

"நாளைக்கு லீவு போடுக்கா. கடலூர் போறேன், நீயும் வா" என்றாள்.

கூரியர் கம்பெனியின் ஆபீஸ் கடலூரில்தான். பஸ் புதுச்சத்திரம் தாண்டும்வரை அவள் ரசீதின் பின்பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தாள். ஆபீசில் செம்பியன் என்ற மேலாளர் மரியாதையாக உட்காரச் சொன்னார், மரியாதையாகவே மறுத்தார். கையெழுத்துச் சீட்டை எடுத்துக் காட்டினார்.

"நீங்க போட்டதும்மா இது. அப்புறம் அந்த ஸ்டிக்கர் மேல பொட்டு. உங்க லேப்ல கீழ போட்டாங்களா, எங்க வண்டில விழுந்துச்சா, நான் எப்படி சொல்றது?"

"நீங்க சொல்ல வேணாம் சார். பெட்டிய வாசல்ல வெச்சதும் உங்க ஆளு போன்ல ஒரு போட்டோ எடுத்தாரு. அத எடுங்க."

செம்பியன் அந்தப் படங்களை இதுவரை திறந்ததே இல்லையாம். பெட்டி சேர்ந்ததற்குச் சாட்சி அது, அவ்வளவுதான் என்றார். தினமும் நூற்றுக்கணக்கில் எடுத்து, ஒருவரும் பார்க்காத படங்கள்! கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினார். எங்கள் வாசல் வந்தது. என் செருப்பு வந்தது. நடுவில் பெட்டி. மூலையில் மணி பத்து நாற்பத்திரண்டு. பொட்டு இல்லாத வெள்ளை ஸ்டிக்கரில் குழாய் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

செம்பியன் படத்தைப் பெரிதாக்கினார், சின்னதாக்கினார், மறுபடி பெரிதாக்கினார். சிவப்பு மாறவில்லை. பிறகு அந்தப் படத்தையே ஆதாரமாகச் சேர்த்து, மறு ஆய்வுக்குத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மூன்று வாரத்தில் ஈட்டுத்தொகை வந்தது. விக்கினமில்லாமல் முடிந்ததற்கு அன்று வைத்த பொட்டுதான் காரணம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சார் சொன்னார். கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ஸ்ரீமதியும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்த இயந்திரம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று இருபதுக்கு வந்தது. செவ்வாயன்று மூன்றிலிருந்து நாலரை வரை ராகுகாலம். சார் லேப்பில்தான் இருந்தார். கூரியர்காரர் நீட்டிய சீட்டை ஸ்ரீமதி வாங்கி, பையிலிருந்து அந்தப் பழைய கடிதத்தை எடுத்து அடியில் அட்டையாக வைத்து, அவர் முன்னால் நீட்டினாள்.

"இந்தத் தடவ நீங்களே போடுங்க சார்."

சார் பேனாவைத் திறந்தார். சீட்டைப் பார்த்தார். அடியில் எட்டிப்பார்த்த 'எனது கவனக்குறைவால்' என்ற தன் எழுத்தைப் பார்த்தார். நாள்காட்டியைப் பார்த்தார். கூரியர்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பேனாவை மூடிவிட்டு, "கத்திய எடும்மா, பிரிச்சிப் பாத்துடலாம்" என்றார் சார்.