உத்தரவாத அழைப்பு

வேலை தேட எழுதி வாங்கிய தன்விவரத்தின் மூன்றாவது வரியைப் படித்ததும் அவள் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். எழுதிக் கொடுத்தவனுக்கு உடனே ஃபோன் போட்டு, "சார், இது நான் செஞ்சது இல்ல" என்று சொல்லியிருக்க வேண்டும். அவளோ எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, அதே வரியை மறுபடியும் படித்தாள்.

"குளிர்பதன அறை செயலிழந்த நெருக்கடியில் குழுவுக்குத் தலைமையேற்று, ஒரு பெட்டி மருந்துகூட வீணாகாமல் காத்தவர்."

நன்றாகத்தான் இருந்தது. யாரோ ஒரு நிமிர்ந்த பெண் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நடந்து வருவது போல இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அவளுடைய பெயர்.

மருந்து மொத்த விநியோகக் கிடங்கு ஒன்றில் அவள் சரக்கு இருப்புக் கணக்குப் பார்த்துவந்தாள். சேர்ந்த நாளில் கொடுத்த அதே நாற்காலி, அதே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே லாரிகள் பின்பக்கமாக வந்து நிற்கும் மேடை. கிடங்கு மேலாளரை எல்லோரும் மேடம் என்பார்கள். அவள் மட்டும் அக்கா என்பாள். அக்கா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ கணக்கு, இங்க வா" என்று அறையிலிருந்து குரல் வரும். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் கோபம் வந்திருக்கும்.

இருந்தும் இத்தனை வருடங்களில் "உனக்கு அடுத்து என்ன வேணும்?" என்று அக்கா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்காக அவள் காத்திருந்தாள். காத்திருக்கிறோம் என்பதே தெரியாமல் காத்திருந்தாள். ஒருநாள் மதியம் ஃபோனில் அந்த விளம்பரம் வந்தது: "முன்னணி நிறுவனங்களிலிருந்து நேர்காணல் அழைப்பு உத்தரவாதம். வராவிட்டால் பணம் வாபஸ்." அதைத் தொட்டபோது, அக்காவுக்குத் தெரியாமல் எதையோ எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டது போல இருந்தது.

அந்தப் பக்கம் பேசியவன் தன்னை ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டான். குரலில் அவசரம்.

"உங்க சாதனை ஏதாவது சொல்லுங்க மேடம்."

"சாதனையா? நான் ஸ்டாக் கணக்குப் பாக்கறேன் சார்."

"அது வேலை மேடம். எனக்குச் சாதனை வேணும்."

யோசித்து யோசித்து, குளிர்பதன அறை கெட்டுப்போன நாளைச் சொன்னாள். தடுப்பூசிப் பெட்டிகள் நிறைந்திருந்த அறை. குளிர் நின்றுபோனது தெரிந்ததும் முற்றத்தில் நின்ற குளிர்சாதன லாரிக்குள் எல்லாவற்றையும் மாற்றினோம், நாங்கள் ஓடினோம், நாங்கள் சுமந்தோம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள்.

"நாங்கன்னா யார் யாரு?"

"அக்கா, நான், லோடு ஏத்தறவங்க அஞ்சாறு பேரு."

"அப்ப டீம். சூப்பர். நஷ்டம் எவ்வளவு சதவீதம் குறைஞ்சுது?"

"தெரியாதே சார்."

"தோராயமா?"

"தோராயமாக்கூடத் தெரியாது."

"சரி, நாப்பதுன்னு போட்டுக்கறேன். அம்பதுன்னா நம்ப மாட்டாங்க."

வேலைவாய்ப்புத் தளத்தின் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டான். தினமும் காலையில் அவள் கணக்கைத் திறந்து, தலைப்பில் ஒரு சொல்லை மாற்றிச் சேமிப்பானாம். அப்படிச் செய்தால் 'இன்று புதுப்பிக்கப்பட்டது' என்று காட்டும். ஆள் தேடுகிறவர்கள் பார்வையில் மேலே வரும். வேலை விளம்பரங்களில் வரும் சொற்களைப் பொறுக்கியெடுத்து அவளுடைய விவரத்தில் அங்கங்கே செருகுவான். பொருந்தும் என்று தோன்றுகிற எல்லா இடங்களுக்கும் அவள் பெயரில் அவனே விண்ணப்பிப்பான். இப்போது வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயரைப் போட வேண்டாம், 'முன்னணி மருந்து விநியோக நிறுவனம்' என்றிருந்தால் போதும், யாராவது கேட்டால் இப்போதைக்கு ரகசியம் என்று சொல்லுங்கள் என்றான். கேட்கக்கூடிய கேள்விகளுக்குப் பதில்களையும் எழுதி அனுப்பினான். பாத்திரம் கழுவும்போது அவள் அவற்றை மனப்பாடம் செய்தாள்.

கணவன் அவளுடைய தன்விவரத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இந்த அம்மாவ எனக்குத் தெரியாதே" என்றான். "நம்ம வீட்டுக்கு ஒரு நாள் வரச் சொல்லேன். ரெண்டு மாசமா இழுத்தடிக்கற பிளம்பர்கிட்ட பேசிப் பாக்கட்டும்."

"கிண்டல் பண்ணாதீங்க. எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்களாம்."

"நான் ஒண்ணும் சொல்லலையே." கொஞ்ச நேரம் கழித்து, "இதுல உங்க அக்கா எங்க?" என்றான்.

அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அழைப்பு வந்தேவிட்டது. ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் பேசினாள். பெரிய நிறுவனம், புதிதாகத் திறக்கப்போகும் கிடங்குக்கு மேலாளர் பதவி. நிறுவனத்தின் பெயரை நேரில் வரும்போது சொல்கிறோம் என்றாள். "நீங்க இப்ப எங்க வேலை பாக்கறீங்க?" என்று அவள் கேட்க, "இப்போதைக்கு ரகசியம்" என்று இவளும் சொன்னாள். இரண்டு பக்கமும் முகத்தை மூடிக்கொண்டு பேசியது அப்போது அவளுக்கு விளையாட்டாகத்தான் இருந்தது.

தலைவலி என்று லீவு சொன்னாள். "மாத்திரை போட்டுட்டுப் படு" என்று அக்கா சொன்னதும் நிஜமாகவே தலை வலித்தது.

ஏஜென்சி அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. கதவைத் திறந்ததும் தெரிந்தது மேஜைக்கு அப்பால் உட்கார்ந்திருந்த நரைத்த மீசைக்காரர். அவருக்குப் பக்கத்தில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அக்கா.

திரும்பி ஓடிவிடலாம் என்று தோன்றவில்லை. ஒன்றுமே தோன்றவில்லை. "உக்காருங்க" என்றது அக்காவின் குரல். உட்கார்ந்தாள்.

புதுக் கிடங்கைத் திறக்கப்போவது அவள் வேலை பார்க்கும் நிறுவனமேதான்; மீசைக்காரர் அதன் தலைமை அலுவலகத்து அதிகாரி. அவருக்கு அவளைத் தெரியாது. காகிதத்தைப் புரட்டிக்கொண்டே சந்தோஷமாகப் பேசினார். "மேடம், இதப் பாத்தீங்களா? உங்க கிடங்குலகூட இதே மாதிரி ஒண்ணு நடந்துச்சுல்ல?"

"ஆமா சார்" என்றார் அக்கா. "எங்க கிடங்குலயும் நடந்துச்சு."

அவ்வளவுதான். இது என் ஆள் என்று சொல்லவில்லை. அந்தக் காரியத்தைச் செய்தது நான் என்றும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி, அவளை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைத் தேடினாள்; கிடைத்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். குழந்தை பதில் சொல்லிவிட வேண்டுமே என்று பள்ளிக்கூட வாசலில் நிற்கிற தாயின் முகம் போல இருந்தது அது.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றார் அக்கா. "அந்த அறை கெட்டுப்போனத முதல்ல கண்டுபிடிச்சது யாரு? எப்படி?"

அன்றைக்கு அவள் இருப்பு எண்ணப் போயிருந்தாள். லோடு ஏற்றுவதற்காகக் கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். கதவோரத்து வெப்பநிலைக் காட்டியில் எண் அசையவில்லை. கதவு திறந்தால் அது கொஞ்சமாவது ஏற வேண்டும்; தினமும் ஏறுவதைப் பார்க்கிறவள் அவள். எண் நின்றுவிட்டது என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மேடைக்கு ஓடிப் போய் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அக்கா தனி வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்தபோது அறை சூடேறத் தொடங்கியிருந்தது. லாரியை வரவழைத்தது, எது முதலில் எது பிறகு என்று முடிவெடுத்தது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கண்டுபிடித்தது அவள்தான். ஒரு சொல் போதும்.

ஆனால் அவள் வாய் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவும்போது மனப்பாடம் செய்தது, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டது போல வந்தது. "நான் வடிவமைத்த தொடர் கண்காணிப்பு முறையின் மூலம், குறைபாடு ஆரம்ப நிலையிலேயே கண்டறியப்பட்டு, நஷ்டம் நாற்பது சதவீதம்…"

சொல்லி முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. அப்படி ஒரு முறையே கிடையாது என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். அக்கா பேனாவை மூடி வைத்தார்.

"வெரி குட்" என்றார் மீசைக்காரர்.

"எனக்கு வேற கேள்வி இல்ல சார்" என்றார் அக்கா.

மறுநாள் அவளாகத்தான் அக்காவின் அறைக்குப் போனாள்.

"அக்கா, அது நான் எழுதல. காசு குடுத்து…"

"தெரியுது. நீ எழுதினா இப்படி வராது." அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தார். "காலையிலதான் லிஸ்ட் குடுத்தாங்க. பேரப் பாத்தப்ப வேற யாரோன்னு நினைச்சேன். அந்த வரியப் படிச்சப்பறம்தான்…"

"மன்னிச்சிடுங்க அக்கா."

"நான் செஞ்சத எடுத்துக்கிட்டதுகூட எனக்குப் பெருசில்ல. எடுத்துக்கோ. உன்னோடத எங்க போட்ட? நான் அதத்தானே கேட்டேன்? நான்தான் பாத்தேன்னு சொல்லியிருந்தா, இவ எங்க பொண்ணு சார்னு அப்பவே சொல்லியிருப்பேன். சொல்லணும்னுதான் கேட்டேன்."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அந்தப் புதுக் கிடங்குக்கு ரெண்டாவது ஆளா உன் பேரத்தான் சொல்லி வச்சிருந்தேன். மேலாளரா அனுப்ப உனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அடுத்த இடத்துல நின்னா கத்துக்குவேன்னு நினைச்சேன். இப்ப அவரு அந்தக் காகிதத்தப் பாத்துட்டாரு. இவதான் அந்தப் பொண்ணுன்னு எப்படிச் சொல்றது? உன்ன வெளிய அனுப்பச் சொல்லுவாரு. உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம் நானும். முடிவானதும் சொல்லலாம்னு இருந்துட்டேன்."

கேட்டிருக்கலாமே அக்கா என்று சொல்ல வாயெடுத்தாள். நானும் கேட்டிருக்கலாம் என்ற எண்ணம் கூடவே வந்து அதை அடைத்தது. இருவருக்கும் நடுவே சொல்லப்படாமல் போன ஒரு வாக்கியத்துக்குப் பதிலாகத்தான் அவள் முன்பின் தெரியாத ஒருவனிடம் காசு கொடுத்து எழுதி வாங்கியிருந்தாள்.

இருக்கைக்குத் திரும்பியபோது ஃபோனில் செய்தி வந்திருந்தது. "வாழ்த்துகள்! உங்கள் உத்தரவாத நேர்காணல் அழைப்பு வெற்றிகரமாக வழங்கப்பட்டது. எங்கள் சேவைக்கு மதிப்பெண் தருவீர்களா?" ஐந்து நட்சத்திரங்கள் காலியாகக் காத்திருந்தன.

அன்று மாலை வேலைவாய்ப்புத் தளத்தைத் திறந்து கடவுச்சொல்லை மாற்றினாள். மூன்றாவது வரியை அழித்தாள். நாற்பது சதவீதத்தை அழித்தாள். காலியான கட்டத்தில், "கதவு திறந்திருந்தும் வெப்பநிலைக் காட்டியின் எண் மாறாததைக் கவனித்து உடனே மேலாளரிடம் தெரிவித்தேன்" என்று எழுதினாள். சேமித்ததும் 'உங்கள் விவரத்தின் தரம்: சிறப்பு' என்றிருந்தது 'சராசரி' என்று மாறியது. கணவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "இந்த அம்மாவ எனக்குத் தெரியும்" என்றான். எப்போதும் போலக் கிண்டலாகத்தான் சொன்னான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

புதுக் கிடங்குக்கு இரண்டாவது ஆளாக ஒரு இளைஞன் தேர்வானான். வேலை பழக இங்கேதான் வந்தான். அக்கா அவனைக் கூட்டிக்கொண்டு ஒவ்வோர் இடமாகக் காட்டியபடி அவளிடம் வந்து நின்றார்.

"இவங்க ஸ்டாக் பாக்கறவங்க. குளிர் அறையப் பத்தி இவங்ககிட்ட கேட்டுக்கோங்க, நல்லாச் சொல்வாங்க."

அக்கா பொய் சொல்லவில்லை, குத்தவும் இல்லை. 'கணக்கு' என்று மட்டும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அவள் இளைஞனைக் குளிர் அறைக்கு அழைத்துப் போனாள். கதவைத் திறந்து பிடித்தபடி, "உள்ள போறதுக்கு முன்னாடி இந்த நம்பரக் கொஞ்சம் பாருங்க" என்றாள்.

"நாலு காட்டுது. சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருக்கறத நம்பாதீங்க. கதவத் திறந்தா அது கொஞ்சம் அசையணும்."

இருவரும் குளிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண் மெதுவாக ஏறியது.

"இது எப்படிங்க உங்களுக்குத் தெரியும்?" என்று அவன் கேட்டான்.

"தினமும் பாக்கறேன்ல" என்றாள் அவள். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பதில். திரும்பிப் பார்த்தாள். மேடையின் அந்தப் பக்கம் அக்கா லாரிக்காரரிடம் ஏதோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். இங்கே பேசியது அவருக்குக் கேட்டிருக்காது.