ஒரு மணி நேரத்தில்

போன் ஒலித்தபோது சின்னவளின் இரண்டு கைகளிலும் சாயம். வக்கீலம்மாவின் தலையில் பாதி முடிதான் முடிந்திருந்தது. மீதிப் பாதி நரையோடு காத்திருந்தது. பூட்டிக் கிடந்த போன், சலூன் டிராலியின் மேல் சீப்புகளுக்கு நடுவே சுழன்று சுழன்று நடுங்கியது. திரை முழுக்க அக்காவின் முகம்.

"எடும்மா, எடு. நான் என்ன ஓடியா போகப்போறேன்?" என்றார் வக்கீலம்மா.

"வேணாம் மேடம், சாயம் காஞ்சிடும். அப்புறம் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் செம்பட்டையா நீங்க கோர்ட்டுக்குப் போகணும்."

சாயம் படாத முழங்கையால் திரையைத் தொட்டுப் பார்த்தாள், அது சரிப்படவில்லை. கையுறையின் சுண்டுவிரல் மட்டும் சுத்தமாக இருந்தது. அதால் 'நினைவூட்டு' என்பதைத் தொட்டாள். இரண்டு வழி காட்டியது: ஒரு மணி நேரத்தில், இங்கிருந்து கிளம்பும்போது. அவள் எப்போதும் முதலாவதைத்தான் தொடுவாள். இரண்டாவது, வேலை முடிந்து வாசலைத் தாண்டிய நேரத்தில் வந்து பிடித்துக்கொள்ளும். அப்போது சொல்ல ஒரு சாக்கும் இருக்காது. ஒரு மணி நேரத்தில் என்றால் எப்படியும் வேறொரு தலையில் கை வைத்திருப்பாள்.

அழைப்பு அறுந்தது. மணி பன்னிரண்டு பத்து.

இன்று அக்கா ஏன் கூப்பிட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். அதை மறந்துவிட்டாள் என்று நான் சொன்னால் அது பொய். அக்காவின் மார்பில் கண்ட கட்டியிலிருந்து ஊசி போட்டுச் சதை எடுத்துப் பத்து நாளாகிறது. முடிவு இன்று மூன்று மணிக்கு. "தனியா போக பயமா இருக்குடி," என்று அக்கா சொன்னாள். பெற்றவர்கள் போன பிறகு இவளைப் பள்ளிக்கு அனுப்பிய அக்கா, பயம் என்ற சொல்லை அதுவரை இவளிடம் சொன்னதே இல்லை. "கிளம்பறப்ப ஒரு போன் போடு, ஓடி வந்துடறேன்," என்று சின்னவளும் வாக்குக் கொடுத்திருந்தாள். சலூனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம். ஒன்று பத்துக்கு நினைவூட்டினால் தாராளமாகப் போதும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஒன்று பத்துக்கு அவள் தலை அலசும் தொட்டியில் குனிந்திருந்தாள். டிராலியில் போன் லேசாக உறுமியது கேட்டது. 'இதோ' என்றாள், யாரிடமோ. அலசி, துடைத்து, காயவைத்து முடித்துவிட்டுப் பார்த்தபோது திரையில் ஒன்றுமே இல்லை. சரி, ஏதோ விளம்பரம் வந்து போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குள் முதலாளியம்மா கல்யாணப் பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். கூடவே அத்தை, சித்தி, ஒன்றுவிட்ட அக்கா என்று ஒரு பட்டாளம். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

மூன்று நாற்பதுக்கு, கொண்டைக்குக் கடைசி ஊசி குத்தும்போது, அக்காவின் மூன்று மணி நினைவுக்கு வந்தது.

அக்காவை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தாள். மூன்றாவது தடவை அணைத்திருப்பதாகச் சொன்னது.

"முதலாளியம்மா, நான் போகணும்."

"இன்னும் மூணு தலை இருக்கு!"

"இருக்கட்டும்," என்று ஏப்ரனைக் கழற்றாமலே ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு காலியாகக் கிடந்தது. பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள், "எல்லாரும் போயாச்சே," என்றாள். ஆட்டோ பிடித்து அக்கா வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைத் தயாரித்துக்கொண்டு வந்தாள்: போன் நினைவூட்டவில்லை. உண்மையும் அதுதானே? பார்த்தபோது திரையில் இல்லையே? அப்படியிருந்தும் அதைச் சொல்ல நாக்கு கூசியது.

அக்கா கதவைத் திறந்தாள். முகம் கழுவியிருந்தாள். "வந்துட்டியா? உள்ளே வா. அந்த ஏப்ரனோடயா ரோட்டுல வந்தே?"

"அக்கா, நான் வெச்சேன்க்கா. ஒரு மணி நேரத்துல ஞாபகப்படுத்துன்னு வெச்சேன். இந்தப் பாழாப்போன போன் காட்டவே இல்ல!"

அக்கா மேசைப் பக்கம் திரும்பினாள். பிறகு, "போனைத் திட்டாதே. அது காட்டுச்சு," என்றாள்.

மேசையிலிருந்த டேப்லெட்டை எடுத்துக் கொடுத்தாள். சின்னவள் புதிது வாங்கியபோது அக்காவுக்குக் கொடுத்த பழையது. படம் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அப்படியே கொடுத்திருந்தாள், தன் கணக்கிலிருந்து வெளியேறாமலே.

"நீ உன் போன்ல எதை வெச்சாலும் இதுலயும் வரும். 'அக்காவைத் திரும்ப அழைக்கவும்'னு. பக்கத்துல ஒரு வட்டம். அதைத் தொட்டா முடிஞ்சதுன்னு போயிடும். உன் போன்லேர்ந்தும் போயிடும்போல."

முடிந்தவற்றின் பட்டியல் திறந்திருந்தது. எல்லா வரியும் ஒரே வரி. அக்காவைத் திரும்ப அழைக்கவும். விரலால் தள்ளத் தள்ளக் கீழே போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் முடித்த நாளும் நேரமும். இவள் ஒன்றைக்கூட முடிக்கவில்லை என்பது இவளுக்கே தெரியும்.

அடியில், ஆறு மாதத்துக்கு முந்தையவை, மூன்று நாள், நான்கு நாள் கழித்து முடிக்கப்பட்டிருந்தன. அதற்குப் பிந்தையவை மறுநாளே. பிறகு அன்றே இரவு. பிறகு அரை மணியில். இன்றைய வரியில் மணி ஒன்று பதினொன்று.

"முதல்ல தெரியலடி. அது வந்ததும் நீ இப்போ கூப்பிடுவேன்னு இதைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டேன். அப்புறம் பழகிப்போச்சு. அது அங்கேயே நின்னா உனக்கும் உறுத்தும், எனக்கும் உறுத்தும். அதான் தொட்டுடுவேன்." அக்கா சிரிக்கப் பார்த்தாள். "இன்னைக்கும் அப்படித்தான் கை போயிடுச்சு. தொட்டப்புறம்தான், ஐயோ, இன்னைக்காவது விட்டிருக்கலாமேன்னு தோணுச்சு."

"நீ மறுபடி கூப்பிட்டிருக்கலாமேக்கா."

"ஒரு தரம் கட் பண்ணினே. ரெண்டாவது தரமும் கட் பண்ணினா நான் என்னடி பண்றது?"

சின்னவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன்னைவிடக் கேடுகெட்டவள் ஒருத்தி இருக்க முடியாது என்று மனசார நினைத்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஆபரேஷன் பண்ணணுமாம். அடுத்த வாரம். சீக்கிரம் கண்டுபிடிச்சாச்சு, பயப்படாதீங்கன்னு சொன்னார்." அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "முதல்ல, கூட யார் வந்திருக்காங்கன்னு கேட்டார். தங்கச்சி வெளியே உக்காந்திருக்கான்னு சொல்லிட்டேன்."

"ஏன்க்கா?"

"யாரும் இல்லேன்னு சொல்ல வாய் வரல. அவர் சரி, கூப்பிடுங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்றேன்னுட்டார். எழுந்து வெளியே போனேன். அந்த நடையில ஒரு நிமிஷம் நின்னேன். திரும்பி உள்ளே போய், அவ போன் பேசிட்டிருக்கா டாக்டர், நீங்க எனக்கே சொல்லுங்கன்னேன்."